கத்திக்குப் புரிகிற கோடு

பைக்கில் ஒட்ட ஒரு படம் வேண்டும் என்று ரேடியம் ஸ்டிக்கர் கடைக்குப் போய், கைபேசியில் இருக்கும் படத்தைக் காட்டினால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: “சார், இது போட்டோ. இத அப்படியே கட்டிங் போட முடியாது. வெக்டர் ஃபைல் இருக்கா?” படம் தெளிவாக இருக்கிறது, பின்னணிகூட நீக்கியாகிவிட்டது, உருவம் மட்டும் கத்தரித்தது போல நிற்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வாடிக்கையாளருக்குப் புரிவதில்லை. கடைக்காரர் சொல்வதோ முழுக்க நியாயம். திரையில் இருக்கும் கத்தரித்த உருவத்துக்கும், இயந்திரத்தின் கத்தி போக வேண்டிய பாதைக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அதை யாராவது உட்கார்ந்து செய்தாக வேண்டும்.

பேப்பரும் வினைலும் வெட்டும் இயந்திரத்துக்குப் படம் என்ற ஒன்றே தெரியாது. கறுப்பு, வெள்ளை, நிறம், நிழல் எதுவும் அதற்குப் பொருட்டல்ல. அதற்குத் தெரிந்தவை இரண்டே கட்டளைகள். கத்தியைத் தூக்கிக்கொண்டு இந்த இடத்துக்குப் போ, கத்தியை இறக்கிக்கொண்டு அந்த இடத்துக்குப் போ. கடைகளில் இருக்கும் பல கட்டிங் பிளாட்டர்கள் இன்றும் புரிந்துகொள்ளும் மொழி, ஹ்யூலெட்-பேக்கார்ட் நிறுவனம் தன் பேனா பிளாட்டர்களுக்காக உருவாக்கிய `HPGL`. ஒரு சென்டிமீட்டர் சதுரத்தை வெட்டச் சொல்ல அந்த மொழியில் இவ்வளவு போதும்:

```
IN;
PU0,0;
PD400,0;PD400,400;PD0,400;PD0,0;
PU;
```

`PU` என்றால் கத்தி மேலே, `PD` என்றால் கத்தி கீழே. எண்கள் தூரத்தைக் குறிக்கின்றன. 40 அலகு ஒரு மில்லிமீட்டர். சதுரத்தின் உள்ளே கறுப்பா வெள்ளையா என்ற தகவல் இதில் எங்கும் இல்லை. கோடியிலிருந்து கோடிக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். புகைப்படத்தில் இப்படி ஒரு கோடு கிடையாது. அதில் இருப்பவை லட்சக்கணக்கான நிறப் புள்ளிகள்தாம். அவற்றில் எந்தப் புள்ளிக்கும் எந்தப் புள்ளிக்கும் நடுவே கத்தி ஓட வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு வேலையை முதலிலிருந்து எடுத்துக்கொண்டு பார்த்தால் இது விளங்கும். திருமண அழைப்பிதழின் முகப்பில் மணப்பெண்ணின் பக்கவாட்டு முகத்தைக் கறுப்பு அட்டையில் வெட்டி ஒட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தலையிலிருந்து தோள் வரை 12 சென்டிமீட்டர் உயரம். கொண்டை, அதிலிருந்து முதுகுப் பக்கம் தொங்கும் பூச்சரம், காதில் ஜிமிக்கி. அதே உருவத்தை மண்டபத்துக் கண்ணாடிக் கதவில் வினைலாகவும் ஒட்ட வேண்டும்.

படம் எடுக்கும்போது வெளிச்சமான ஜன்னலுக்கு முன்னால் பெண்ணைப் பக்கவாட்டில் நிறுத்தி, கேமராவை முகத்தின் உயரத்தில் வைத்து எடுத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிவிடக் கூடாது. டாக்குமெண்ட்டாக அனுப்ப வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. பக்கவாட்டு முகத்தில் ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்டுவது மூக்கு நுனியும், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலான வளைவும், உதடுகள் சேரும் பள்ளமும், தாடையும்தான். 12 சென்டிமீட்டர் உயர உருவத்தில் உதட்டோரத்து வளைவின் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். உருவம் 3000 பிக்சல் உயரத்துக்கு இருந்தால் அந்த ஒன்றரை மில்லிமீட்டரைச் சொல்ல 37 பிக்சல்கள் கிடைக்கும். படம் சுருங்கி 600 பிக்சல் ஆகிவிட்டால் ஏழெட்டுதான் மிஞ்சும். அந்த ஏழெட்டும் ஜேபெக் சுருக்கத்தில் கலங்கிப் போயிருக்கும். பிறகு எவ்வளவு திருத்தினாலும் அது ‘ஒரு பெண்’ ஆகத்தான் இருக்கும், இந்தப் பெண்ணாக இராது.

அடுத்தது பின்னணியை நீக்குவது. இதற்கு இப்போது எத்தனையோ செயலிகள் வந்துவிட்டன. ஒரு தட்டில் வேலை முடிகிறது. ஆனால் அவை இரண்டு இடங்களில் வழக்கமாகத் தடுமாறும். ஒன்று, பூச்சரத்துக்கும் கழுத்துக்கும் நடுவே தெரியும் இடைவெளி. நான்கு பக்கமும் உருவத்தால் சூழப்பட்ட அந்த இடத்தில் பின்னணி அப்படியே தங்கிவிடும். அதை நாமே அழிக்க வேண்டும். இன்னொன்று முடி. நெற்றியோரத்தில் பறக்கும் இழைகளை அந்தச் செயலிகள் பாதி தெரிந்தும் தெரியாமலும் ஒரு மங்கலாக விட்டுவைக்கும். திரையில் அது இயல்பாக, அழகாகத்தான் இருக்கிறது. கத்திக்கோ பாதி தெரிவது என்று ஒன்று கிடையாது. அட்டை அங்கே இருக்கும், அல்லது இருக்காது.

ஆகவே கத்தரித்த படத்தை நேரே கோடாக மாற்றப் போகாமல், முதலில் அதைச் சுத்தமான கறுப்பு வெள்ளையாக்கிக்கொள்ள வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். பின்னணி இல்லாத அந்தப் படத்தின் உள்ளே இன்னும் முகத்தின் ஒளியும், பட்டுச் சேலையின் சரிகையும், பூவின் வெள்ளையும் இருக்கின்றன. கோடு எடுக்கும் மென்பொருள் வெளிச்சத்தை வைத்துத்தான் எல்லையைக் கண்டுபிடிக்கிறது. சரிகையும் பூவும் அதற்கு வெள்ளைப் பின்னணியாகவே தெரியும். விளைவாக உருவத்தின் நடுவே கண்டபடி ஓட்டைகள் விழும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் `Layer > Transparency > Alpha to Selection` என்று கொடுத்தால் உருவம் மட்டும் தேர்வாகும். அதற்குள் முழுக் கறுப்பை நிரப்பி, கீழே ஒரு வெள்ளைத் தளத்தை வைத்து இரண்டையும் இணைத்துவிட்டு, `Colors > Threshold` கொடுத்தால் மங்கலான ஓரங்கள் ஒன்று கறுப்பாகும், இல்லையேல் வெள்ளையாகும். பறக்கும் முடியில் எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடலாம். கறுப்புத் தூரிகையால் ஓரிரண்டு இழைகளைத் தடிமனாக வரைந்துகொண்டு, மற்றதை வெள்ளையால் அழித்துவிடுவது நல்லது. கோடாக மாறிய பிறகு இதைச் செய்வதைவிட இப்போது செய்வது பத்தில் ஒரு பங்கு வேலை.

இனி கோடு எடுப்பது. தமிழ்நாட்டு டிடிபி கடைகளில் பெரும்பாலும் கோரல்டிரா ஓடும். வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு 2003-இல் இருந்து இலவசமாகக் கிடைத்துவரும் இங்க்ஸ்கேப் போதும். அதில் `Path > Trace Bitmap` என்ற இடத்தில் இந்த மாற்றம் நடக்கிறது. அதன் உள்ளே வேலை செய்வது பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ் என்ற நிரல். அது செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கறுப்புப் பிக்சலும் வெள்ளைப் பிக்சலும் சந்திக்கும் விளிம்பிலேயே முதலில் அது நடந்து போகிறது. பிக்சல்கள் சதுரங்கள் என்பதால் இந்தப் பாதை படிக்கட்டு போல இருக்கும். அந்தப் படிக்கட்டுக்கு மிக நெருக்கமாகப் போகக்கூடிய, மிகக் குறைந்த பக்கங்கள் கொண்ட ஒரு பலகோணத்தைப் பிறகு கண்டுபிடிக்கிறது. அதன் ஒவ்வொரு மூலையையும் பார்த்து, இது உண்மையிலேயே கூர்மையான மூலையா, வளைவாக்க வேண்டிய இடமா என்று தீர்மானிக்கிறது. கடைசியில் அடுத்தடுத்த வளைவுகளைச் சேர்த்துக் கோட்டை எளிமையாக்குகிறது.

அந்தப் பெட்டியில் இருக்கும் மூன்று அமைப்புகளுக்கும் இப்போது பொருள் விளங்கிவிடும். `Speckles` என்பது இத்தனை பிக்சலுக்குக் குறைவான தூசிப் புள்ளிகளை விட்டுவிடு என்பது. `Smooth corners` என்பது மூலையா வளைவா என்ற தீர்மானத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது. `Optimize` என்பது வளைவுகளை எவ்வளவு தாராளமாகச் சேர்ப்பது என்பது. முகத்துக்கு மூலையை அதிகமாக மழுக்கினால் மூக்கு நுனியும் உதட்டின் விளிம்பும் உருண்டுவிடும். இதில் கொஞ்சம் கஞ்சமாகவே இருக்கலாம்.

இதே இடத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. கோடு எடுக்கும் முறைகளின் பட்டியலில் `Brightness cutoff` என்றும் `Edge detection` என்றும் இரண்டு இருக்கும். நமக்கு வேண்டியது ஓரம்தானே என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறையப் பேர். அது ஓரத்தைக் கண்டுபிடித்து, அந்த ஓரத்தையே ஒரு மெல்லிய பட்டையாக வரைந்து தரும். பட்டை என்றால் அதற்கு இரண்டு கரை உண்டு. இயந்திரம் இரண்டு கரையையும் வெட்டும். முகத்தைச் சுற்றி ஒரு தடவை போய்விட்டு, அரை மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு தடவை சுற்றிவரும். நடுவில் நூல் போல ஓர் அட்டைத் துண்டு மாட்டிக்கொண்டு கிழியும். கத்தி அதை இழுத்துக்கொண்டு போய் முகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். திரையில் பார்க்கும்போது ஒரே கோடாகத் தெரிவதால், அட்டை வீணான பிறகும் பலர் கத்தி மழுங்கிவிட்டது என்றே நினைக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. `View > Display Mode > Outline` என்று மாற்றினால் நிறம், தடிமன் எல்லாம் மறைந்து, கத்தி போகப்போகும் கோடுகள் மட்டும் மயிரிழையாகத் தெரியும். மூக்கருகில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கோடா இரண்டு கோடா என்பது தெரிந்துவிடும். கட்டிங் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் இந்தப் பார்வையில் ஒருமுறை படத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். பூச்சரத்தைத் தனியாக வரைந்து கொண்டையின் மேல் வைத்திருந்தால், கொண்டையின் கோடு பூவின் ஊடாக ஓடுவது இங்கேதான் தெரியும். இரண்டையும் தேர்ந்தெடுத்து `Path > Union` கொடுத்து ஒன்றாக்கிவிட வேண்டும். சேமிக்கும் முன் அடியில் இருக்கும் பழைய புகைப்படத்தையும் நீக்கிவிடுங்கள்.

கோட்டின் தடிமன் பற்றியும் ஒரு வார்த்தை. திரையில் இரண்டு மில்லிமீட்டர் தடிமனாக ஒரு முடி இழையை வரைந்தால் அது இரண்டு மில்லிமீட்டர் அகலத் துண்டாக வெட்டப்படும் என்று தோன்றும். வெட்டப்படாது. கத்தி அந்தக் கோட்டின் நட்ட நடுவில் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போய்விடும். அந்தத் தடிமனை உண்மையான வடிவமாக மாற்ற `Path > Stroke to Path` கொடுத்த பிறகுதான் இரண்டு கரையும் கோடாகும். இங்கே மட்டும் இரண்டு கரை வேண்டும்.

கோடு கிடைத்துவிட்டது. அதைக் கத்தியால் வெட்ட முடியுமா என்பது அடுத்த கேள்வி. அதற்குக் கத்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு இயந்திரங்களிலும் சாதாரண ஸ்டிக்கர் கட்டர்களிலும் இருக்கும் கத்தியைத் திருப்புவதற்கென்று மோட்டார் கிடையாது. அது ஒரு குழலுக்குள் தானாகச் சுழலும்படி நிற்கிறது. அதன் முனை நட்ட நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி, பொதுவாக கால் மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரம் தள்ளும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்வது போல, குழல் போகும் திசைக்குப் பின்னால் இந்த முனை இழுபட்டுத் திரும்பும். நீண்ட வளைவில் இது அழகாக வேலை செய்யும். கூர்மையான மூலையில் கத்தி அட்டைக்குள் இறங்கிய நிலையிலேயே திரும்பியாக வேண்டும். அதற்காக இயந்திரத்தின் மென்பொருள் மூலைகளில் ஒரு சிறு திருப்பத்தைத் தானே சேர்க்கிறது. அதற்குக் கத்தி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். குறைவாகச் சொன்னால் மூலைகள் உருளும். அதிகமாகச் சொன்னால் மூலைகளில் சின்னக் கொம்பு முளைக்கும்.

இந்தக் கால் மில்லிமீட்டர்தான் நம் படத்தில் எவ்வளவு நுணுக்கம் வைக்கலாம் என்பதற்கு எல்லை போடுகிறது. ஜிமிக்கியின் அடியில் தொங்கும் முத்துகளை நிஜ அளவுக்குச் சுருக்கினால் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே வரும். அவ்வளவு சிறிய வட்டத்தைச் சுற்றிவரும்போது கத்தி நகர்வதைவிடத் திரும்புவதே அதிகம். அட்டை வெட்டுப்படாது, பிய்ந்துபோகும். முத்துகளை இரண்டு மில்லிமீட்டராவது பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறைக்கலாம். அல்லது எல்லாவற்றையும் சேர்த்து ஜிமிக்கியின் அடி விளிம்பையே அலை அலையாக வளைத்துவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எட்டி நின்று பார்ப்பவர்களுக்கு அது முத்தாகவே தெரியும்.

கோட்டில் இருக்கும் நோட்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். நோட் என்பது கோட்டை வளைத்துப் பிடித்திருக்கும் புள்ளி. உருவத்தைத் தேர்ந்தெடுத்தால் திரையின் அடிப்பகுதியில் அதன் எண்ணிக்கை தெரியும். சுத்தமான படத்திலிருந்து எடுத்த இந்த அளவு உருவத்துக்குச் சில நூறு இருந்தால் போதும். ஆயிரக்கணக்கில் இருந்தால் பிக்சல் படிக்கட்டு இன்னும் கோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இயந்திரம் ஒவ்வொரு புள்ளியிலும் வேகத்தைக் குறைத்துக் கூட்டும். காதில் கரகரவென்று சத்தம் கேட்கும். வெட்டிய ஓரம் பற்கள் போல இருக்கும். `Path > Simplify` ஒரு தடவை கொடுத்தால் எண்ணிக்கை சட்டென்று குறையும். இரண்டாவது தடவை கொடுக்கும் முன் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்தக் கட்டளைக்கு மூக்கும் ஒன்றுதான், தோள்பட்டையும் ஒன்றுதான். தோளிலும் முதுகிலும் நோட்டைக் கையால் நீக்கிக்கொண்டு, நெற்றியிலிருந்து தாடை வரை தொடாமல் விடுவதே சரி.

அட்டைக்கும் வினைலுக்கும் உள்ள வேறுபாடு இனிமேல்தான் வருகிறது. வினைலின் அடியில் ஒட்டாத காகிதம் ஒன்று இருக்கிறது. கத்தி வினைலை மட்டும் அறுத்து, அடிக்காகிதத்தைத் தொடாமல் விட வேண்டும். வேண்டாததை உரித்தெடுத்த பிறகு, மிஞ்சிய துண்டுகள் தனித்தனியாக இருந்தாலும் அடிக்காகிதத்தில் தத்தம் இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே டிரான்ஸ்ஃபர் டேப் ஒட்டி எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கிக் கண்ணாடியில் வைத்துவிடலாம். அட்டைக்கு அந்த வசதி இல்லை. பசை தடவிய மேட்டின் மேல் வைத்து முழு ஆழத்துக்கு வெட்டுகிறோம். எடுக்கும்போது உருவம் முழுவதும் ஒரே துண்டாகக் கையோடு வர வேண்டும்.

ஜிமிக்கியை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் அது கழுத்தின் மேல் தொங்குவதால் நிழலுருவத்தில் அது தெரியவே தெரியாது, கறுப்போடு கறுப்பாகிவிடும். தெரிய வேண்டும் என்றால் ஜிமிக்கியின் வடிவத்தைக் கழுத்தில் ஓட்டையாக வெட்ட வேண்டும். அதற்கு அந்த வடிவத்தைக் கறுப்பின் மேல் வைத்து `Path > Difference` கொடுக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குடை வடிவ ஓட்டை கிடைக்கும். அதற்குள் ஜிமிக்கியின் வேலைப்பாட்டைக் காட்ட மூன்று கறுப்புப் புள்ளிகள் வைத்தால், வினைலில் அவை அழகாக நிற்கும். அட்டையில் அந்த மூன்றும் மேட்டில் கிடக்கும், உருவத்தில் வெற்று ஓட்டைதான் இருக்கும். புள்ளிகளுக்குப் பதில் குறுக்கே ஒரு மில்லிமீட்டர் அகலப் பட்டைகள் இரண்டு வைத்து, அவை இரு பக்கமும் கழுத்தோடு சேர்ந்திருக்கும்படி செய்தால் வேலைப்பாடும் தெரியும், எதுவும் விழாது. அட்டைக்கு வரையும்போது ஒவ்வொரு கறுப்புப் பகுதியிலும் விரல் வைத்து, இங்கிருந்து கறுப்பு வழியாகவே தோள் வரை போக முடியுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போக முடியாத எதுவும் விழுந்துவிடும்.

சேர்ந்திருந்தால் மட்டும் போதாது, தாங்கும் அகலமும் வேண்டும். 220 ஜிஎஸ்எம் அட்டையில் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே எதையும் விடாமல் இருப்பது பாதுகாப்பு. 12 சென்டிமீட்டர் உருவத்தில் அப்படி மெலிந்த இடங்களைக் கண்ணால் தேடுவது கஷ்டம். இதற்கு ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. முதலில் உருவத்தின் உயரத்தைச் சரியாக 120 மில்லிமீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். `Ctrl+D` அழுத்தி அதன் மேலேயே ஒரு நகல் எடுத்து, நகலுக்குச் சிவப்பு நிறம் கொடுங்கள். விருப்பத்தேர்வுகளில் `Inset/Outset by` என்ற அளவை 0.5 மில்லிமீட்டராக மாற்றிவிட்டு, அந்த நகலுக்கு `Path > Inset` கொடுங்கள். சிவப்பு உருவம் எல்லாப் பக்கமும் அரை மில்லிமீட்டர் உள்ளே சுருங்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த இடத்தில் இரண்டு பக்கமும் சுருங்கியதில் ஒன்றுமே மிஞ்சாது. ஆகவே சிவப்பு அறுந்து, கறுப்பு மட்டும் தெரியும் இடமெல்லாம் அட்டை கிழியப்போகும் இடம்.

நம் மணப்பெண்ணில் இப்படிச் செய்தால் மூன்று இடங்களில் சிவப்பு அறுகிறது என்று கொள்வோம். நெற்றியோர முடி இழை, பூச்சரத்தின் நுனி, ஜிமிக்கி ஓட்டைக்கும் தாடையின் கீழ் விளிம்புக்கும் நடுவே இருக்கும் ஒடுங்கிய பகுதி. முதல் இரண்டையும் சற்றுத் தடிமனாக்கினால் போதும். மூன்றாவதில் தடிமனாக்க இடம் இல்லை, ஏனென்றால் தாடையை நகர்த்தினால் முகமே மாறிவிடும். அதனால் ஜிமிக்கியைத்தான் இரண்டு மில்லிமீட்டர் பின்னால், பிடரிப் பக்கம் தள்ள வேண்டும். உண்மையில் காது இருக்கும் இடத்திலிருந்து அது கொஞ்சம் விலகும். யாருக்கும் தெரியாது. முகத்தின் கோட்டைக் காப்பாற்ற நகையை நகர்த்துவது எனக்குச் சரியாகவே படுகிறது. வேலை முடிந்ததும் சிவப்பு நகலை மறக்காமல் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் அதையும் வெட்டும்.

கோப்பைச் சேமித்து இயந்திரத்தின் மென்பொருளில் திறக்கும்போது அளவு மாறிவிடுவது அடிக்கடி நடப்பது. இங்க்ஸ்கேப் ஒரு அங்குலத்துக்கு 96 அலகு என்று கணக்கிடுகிறது. வேறு சில மென்பொருள்கள் 72 என்று எடுத்துக்கொள்கின்றன. அப்படி ஒன்றில் திறந்தால் 12 சென்டிமீட்டர் பெண் 16 சென்டிமீட்டராக வளர்ந்துவிடுவார், எதிர்ப்பக்கம் போனால் 9 ஆகக் குறைந்துவிடுவார். `DXF` கோப்பில் மில்லிமீட்டரை அங்குலமாக எடுத்துக்கொண்டால் வித்தியாசம் 25.4 மடங்கு, அது உடனே கண்ணில் பட்டுவிடும். ஆபத்து முதல் வகையில்தான். பெரிதானால் அட்டைதான் வீண். சிறிதானால், நாம் ஒரு மில்லிமீட்டர் என்று பார்த்துப் பார்த்து வைத்த பட்டை முக்கால் மில்லிமீட்டராகி, வெட்டும்போது காரணம் தெரியாமல் கிழியும். திறந்தவுடன் உயரத்தை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இயந்திரத்தில் அட்டையை ஏற்றிய பின்னும் இரண்டு காரியங்கள் உண்டு. உள்ளே இருக்கும் ஓட்டைகள் முதலில் வெட்டப்பட வேண்டும், வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோடு முதலில் வெட்டப்பட்டுவிட்டால் உருவம் மேட்டில் லேசாக நகரும். பிறகு வெட்டும் ஜிமிக்கி இடம் மாறிப்போகும். பல மென்பொருள்களில் இந்த வரிசையைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. அடுத்தது சோதனை வெட்டு. வழக்கமாக ஒரு சிறு சதுரத்தைத்தான் வெட்டிப் பார்ப்பார்கள். கத்தியின் ஆழத்தை அறிய அது போதும். வினைலில் அந்தச் சதுரம் சுலபமாக உரிந்து, அடிக்காகிதத்தில் லேசான தடம் மட்டும் இருந்தால் ஆழம் சரி. ஆனால் நம் கோடு சரியா என்பதைச் சதுரம் சொல்லாது. படத்திலேயே கடினமான இடத்தை, அதாவது ஜிமிக்கியையும் அதைச் சுற்றிய இரண்டு சென்டிமீட்டரையும் மட்டும் தனியாக நகலெடுத்து, அட்டையின் ஓரத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும். அது முழுதாக வந்துவிட்டால் மற்றது தானாக வரும்.

கண்ணாடிக் கதவுக்கு வினைல் வெட்டும்போது எந்தப் பக்கத்தில் ஒட்டப்போகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உட்பக்கமாக ஒட்டி வெளியிலிருந்து பார்ப்பதாக இருந்தால் படத்தை இடம் வலமாகத் திருப்பி வெட்ட வேண்டும். தனி முகம் திரும்பியிருந்தால் பெரிதாகத் தெரியாது. பெயரும் சேர்ந்திருந்தால் மானம் போகும். துணியில் இஸ்திரி போட்டு ஒட்டும் வினைலுக்கும் இப்படித் திருப்பித்தான் வெட்ட வேண்டும்.

கடையில் கொடுத்துச் செய்வதாக இருந்தால், பின்னணி நீக்கிய படத்தைக் கொடுப்பதோடு நிறுத்தாமல், உயரம் இத்தனை மில்லிமீட்டர், அட்டையா வினைலா, எந்த இடம் மாறக் கூடாது என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் `SVG` கோப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வேண்டும் என்றால் அட்டைக்கான கோட்டையே முதலில் செய்யச் சொல்லுங்கள். எல்லாம் சேர்ந்த ஒரே துண்டாக இருப்பதால் அந்தக் கோட்டை வினைலிலும் அப்படியே வெட்டலாம். வினைலுக்கென்று புள்ளிகளும் தனித் துண்டுகளுமாகச் செய்ததை அட்டையில் போட்டால் பாதி உருவம் மேட்டிலேயே தங்கிவிடும்.